உப்பு அணைக்கும் நீல ஒளி

பினாங்கில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் டானிக் வாட்டரை, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் போத்தல் முழுவதும் நீலமாக ஒளிரும். அந்தப் பானத்துக்குக் கசப்பைத் தரும் கொயினாதான் ஒளியையும் தருகிறது. மலேரியாக் காய்ச்சலுக்குத் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் விழுங்க வைத்த அதே கொயினா இது. ஒளிரும் டானிக் வாட்டரில் ஒரு கரண்டி சமையல் உப்பைக் கலக்கினால் நீலம் கண் முன்னே மங்கிவிடும். உப்பு கொயினாவைச் சிதைப்பதில்லை, வீழ்படிவு எதுவும் இறங்குவதில்லை, கசப்பும் போவதில்லை. ஒளி மட்டும் குறைகிறது.

கொயினாக் கரைசலின் மேற்பரப்பில் தெரியும் நீலத்தை ஜான் ஹெர்ஷல் 1845-இல் விவரித்தார். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அந்தக் கரைசல் உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது என்று 1852-இல் காட்டியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். கந்தக அமிலத்தில் கரைந்த கொயினாவின் ஒளி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் மங்குவதையும் பின்னர் அவரே பதிவு செய்தார். ஒளியை அணைப்பது அமிலம் அன்று, அதிலுள்ள குளோரைடு அயனி. சமையல் உப்பிலும் கடல்நீரிலும் இருப்பது அதே அயனிதான்.

எவ்வளவு குளோரைடுக்கு எவ்வளவு ஒளி போகும்? இந்தக் கேள்விக்கு இயற்பு வேதியியல் ஆய்வறிக்கைகளில் ஒரு நேர்கோடு விடையாக வரும். ஒளியைத் தணிக்கும் பொருளின் செறிவு கிடையச்சில் இருக்கும். தணிப்பான் இல்லாதபோது இருந்த ஒளியைத் தணிப்பான் சேர்த்தபின் உள்ள ஒளியால் வகுத்த விகிதம் நெடுக்கையச்சில் இருக்கும். புள்ளிகள் ஒன்றிலிருந்து கிளம்பி நேராக மேலே ஏறும். ஸ்டெர்ன்–வோல்மர் வரைபடம் என்று இதற்குப் பெயர். ஓட்டோ ஸ்டெர்னும் மாக்ஸ் வோல்மரும் ஒளிர்வு தேய எடுக்கும் காலத்தைப் பற்றி 1919-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. கோடு கிடைத்துவிட்டால் பலர் அறிக்கையை முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கோடு எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் பாதி வேலை.

இருபது நானோவினாடிப் போட்டி

புற ஊதாக் கதிரை உறிஞ்சிய கொயினா மூலக்கூறு கிளர்ச்சி நிலைக்குப் போகிறது. அமிலக் கரைசலில் அது அந்த நிலையில் சராசரியாகச் சுமார் 20 நானோவினாடி தங்கும். அதற்குள் நீல ஒளியை உமிழ்ந்தோ, ஆற்றலை வெப்பமாக இழந்தோ அடிநிலைக்குத் திரும்பிவிடும். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோவினாடி. என்றாலும், மூலக்கூறுகளின் உலகில் இருபது நானோவினாடி நீண்ட காலம். அதற்குள் பக்கத்தில் அலையும் ஒரு குளோரைடு அயனி வந்து மோதிவிடலாம். மோதினால் கிளர்ச்சி ஆற்றல் ஒளியாகாமலே போய்விடும்.

ஒரு மதகு உள்ள தொட்டியில் இரண்டாவது மதகைத் திறந்தால் என்ன ஆகும்? முதல் மதகின் அகலம் மாறாது. ஆனால் மொத்தத் தண்ணீரில் அதன் வழியாகப் போகும் பங்கு குறைந்துவிடும். முதல் மதகின் பங்கு, அதன் அகலத்தை இரண்டு மதகுகளின் மொத்த அகலத்தால் வகுத்தது. கிளர்ந்த கொயினாவுக்கும் இதே கணக்குதான். தன் போக்கில் அடங்குவது முதல் மதகு, குளோரைடோடு மோதி அடங்குவது இரண்டாவது. இரண்டாவது மதகின் அகலம் குளோரைடின் செறிவுக்கு நேர் விகிதத்தில் கூடும். குளோரைடு இரட்டித்தால் மோதல்களும் இரட்டிக்கும்.

ஒளியின் பங்கு இந்த மொத்தத்தின் தலைகீழாகக் குறைவதால், ஒளியை அப்படியே செறிவுக்கு எதிராக வரைந்தால் வளைகோடுதான் வரும். விகிதத்தைத் தலைகீழாக்கி, பழைய ஒளியைப் புதிய ஒளியால் வகுத்து வரைந்தால் வளைவு நேராகிவிடும்:

```
F0/F = 1 + K[Q]
K = kq × τ0
```

F0 என்பது தணிப்பான் இல்லாத ஒளி, F என்பது தணிப்பான் சேர்த்த ஒளி, [Q] என்பது தணிப்பானின் செறிவு. கோட்டின் சரிவு K. கிளர்ந்த மூலக்கூறின் ஆயுள் τ0-வையும், மோதித் தணிக்கும் வேகத்தைச் சொல்லும் மாறிலி kq-ஐயும் பெருக்கினால் வருவது அந்தச் சரிவு. ஆகவே சரிவை மட்டும் அளந்து தணிப்பின் வேகத்தைச் சொல்ல முடியாது. ஆயுள் எவ்வளவு என்று வேறு வழியில் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு குடுவைகள்

சோதனைக்கு வேண்டியவை குறைவு. கொயினா சல்பேட்டை 0.05 மோலார் கந்தக அமிலத்தில் கரைத்து, ஆறு 50 மில்லி அளவுக்குடுவைகளிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். இறுதிச் செறிவு ஒரு லிட்டருக்கு 5 மைக்ரோமோல் அளவில் இருந்தால் போதும். அதைவிட அடர்த்தியாக இருந்தால், கிண்ணத்தின் முன்பக்கத்திலேயே புற ஊதாக் கதிர் உறிஞ்சப்பட்டு நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது. 0.1 மோலார் சோடியம் குளோரைடையும் அதே அமிலத்தில் தயாரித்து, குடுவைகளில் 0, 1, 2, 3, 4, 5 மில்லி ஊற்றி, அமிலத்தால் குறிவரை நிரப்பினால் குளோரைடின் செறிவு 0-இலிருந்து 10 மில்லிமோலார் வரை இரண்டிரண்டாக ஏறும். 350 நானோமீட்டர் ஒளியால் தூண்டி, 450 நானோமீட்டரில் வரும் நீலத்தை ஒளிர்வுமானியில் அளக்கலாம்.

கந்தக அமிலத்துக்குப் பதில் கைக்கு எட்டிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்தால் சோதனை தொடங்கும் முன்பே முடிந்துவிடும், ஏனென்றால் தணிப்பானை முதல் குடுவையிலேயே கலந்தாகிவிட்டது.

கணக்கு விளங்குவதற்காக எண்களைச் சீராக அமைத்துக்கொள்வோம். வெற்றுக் கரைசலின் அளவைக் கழித்தபின் குளோரைடு இல்லாத குடுவை 800 காட்டுகிறது. 2 மில்லிமோலாரில் 615, 4-இல் 500, 6-இல் 421, 8-இல் 364, 10-இல் 320. முதல் இரண்டு மில்லிமோலார் 185 அலகைப் பறிக்கிறது, கடைசி இரண்டு 44 அலகைத்தான் பறிக்கிறது. பார்வைக்குக் குளோரைடு சலித்துப்போனது போலத் தோன்றும். 800-ஐ ஒவ்வொன்றாலும் வகுத்தால் 1.30, 1.60, 1.90, 2.20, 2.50 என்று வருகிறது. ஒவ்வொரு இரண்டு மில்லிமோலாருக்கும் விகிதம் சரியாக 0.30 ஏறுகிறது. குளோரைடு சலிக்கவே இல்லை. கடைசி அயனியும் முதல் அயனியைப் போலவே வேலை செய்கிறது.

சரிவு ஒரு மோலாருக்கு 150. இதன் தலைகீழ் 6.7 மில்லிமோலார். அந்தச் செறிவில் ஒளி சரியாகப் பாதியாகும். சரிவை ஆயுளான 20 நானோவினாடியால் வகுத்தால் kq கிடைக்கிறது:

```
kq = 150 M⁻¹ / (20 × 10⁻⁹ s) = 7.5 × 10⁹ M⁻¹ s⁻¹
```

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? தண்ணீரில் அலையும் இரண்டு சிறு மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகச் சந்திக்க முடியும் என்பதை வெப்பநிலையும் தண்ணீரின் பாகுத்தன்மையும் முடிவு செய்கின்றன. 25 பாகை செல்சியஸில் அந்த உச்சவரம்பு சுமார் 7.4 × 10⁹. நம் எண்ணும் ஏறக்குறைய அதே. அதாவது குளோரைடு கிளர்ந்த கொயினாவைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒளி அணைகிறது என்று சொல்லலாம். அமிலத்தில் கொயினா நேர்மின்னூட்டம் கொண்டது, குளோரைடு எதிர்மின்னூட்டம் கொண்டது. ஈர்ப்பு இருப்பதால் இந்த வரம்பைச் சற்றே தாண்டினாலும் வியப்பில்லை.

ஒரே கோடு, இரண்டு காரணங்கள்

மேலே நாம் எடுத்துக்கொண்ட படம் மோதல். கிளர்ந்த பிறகு அயனி வந்து மோதி அணைக்கிறது. வேறொரு படமும் உண்டு. கொயினாவும் தணிப்பானும் புற ஊதாக் கதிர் வரும் முன்பே ஒட்டிக்கொண்டு, ஒளிராத ஓர் இணையாகக் கரைசலில் இருக்கலாம். அந்த இணை கதிரை உறிஞ்சினாலும் ஒளிராது. ஒட்டாமல் தனித்திருக்கும் மூலக்கூறுகள் மட்டும் முழு ஆயுளோடு ஒளிரும். இதை நிலைத் தணிப்பு என்பார்கள், முன்னதை இயங்கு தணிப்பு என்பார்கள்.

நிலைத் தணிப்புக்குச் சமநிலைக் கணக்குப் போட்டாலும் கிடைப்பது F0/F = 1 + K[Q]. எழுத்துக்கு எழுத்து அதே சமன்பாடு. K-இன் பொருள் மட்டும் வேறு. அங்கே அது வேகமும் ஆயுளும் சேர்ந்த பெருக்கம், இங்கே அது இணை சேரும் சமநிலை மாறிலி. வரைபடத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. “புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்ததால் இது மோதல் தணிப்பு என்று நிறுவப்பட்டது” என்ற வாக்கியம் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. அது தவறு. நேர்கோடு சொல்வது இவ்வளவுதான்: ஒளிரும் மூலக்கூறுகள் எல்லாம் தணிப்பானுக்கு ஒரே மாதிரி எட்டுகின்றன, தணிப்பு நடப்பது ஒரே ஒரு வழியில்.

எந்த வழி என்று பிரித்தறிய நேரடியான சோதனை ஆயுளை அளப்பது. மோதல் என்றால் கிளர்ந்த மூலக்கூறுகள் அனைத்தின் ஆயுளும் குறையும். நம் எடுத்துக்காட்டில் 10 மில்லிமோலாரில் ஒளி 2.5 மடங்கு குறைந்தால் ஆயுளும் 20-இலிருந்து 8 நானோவினாடிக்கு இறங்க வேண்டும். இணை சேர்தல் என்றால் ஒளி 2.5 மடங்கு குறைந்திருந்தாலும், மிச்சமுள்ள ஒளி அதே 20 நானோவினாடி ஆயுளோடு தேயும். கொயினாவும் குளோரைடும் மோதல் பக்கம் நிற்கும் எடுத்துக்காட்டு.

ஆயுளை அளக்கும் கருவி எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. அப்போது வெப்பநிலை கைகொடுக்கும். சூடேறினால் தண்ணீரின் பாகுத்தன்மை குறையும், அயனிகள் வேகமாக அலையும், மோதல் தணிப்பில் சரிவு கூடும். ஒட்டியிருக்கும் இணைகள் பொதுவாகச் சூட்டில் பிரிவதால் நிலைத் தணிப்பில் சரிவு குறையும். இரண்டும் எதிர்த் திசையில் போவதால் இரண்டு வெப்பநிலைகளில் சோதனையைத் திரும்பச் செய்தாலே விடை தெரிந்துவிடும்.

சில நேரம் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இரத்தப் புரதமான அல்புமினின் ஒளிர்வை ஒரு மருந்து தணிக்கும் ஆய்வில் சரிவு ஒரு மோலாருக்கு 10,000 என்று வைத்துக்கொள்வோம். புரதத்தின் ஒளிர்வு ஆயுள் சில நானோவினாடிதான், 5 என்று எடுத்தால் kq = 2 × 10¹². சந்திப்பின் உச்சவரம்பைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். தண்ணீரில் எந்த மூலக்கூறும் அவ்வளவு வேகமாக அலைந்து சந்திக்க முடியாது. ஆகவே மருந்து முன்பே புரதத்தில் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்தே தூண்டும் ஒளியை உறிஞ்சி, தணிப்பு போன்ற தோற்றத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். இரண்டாவதை ஒதுக்க, ஒவ்வொரு கரைசலின் உறிஞ்சலையும் தனியாக அளந்து திருத்தம் செய்தாக வேண்டும்.

கோடு வளையும்போது

புள்ளிகள் மேல்நோக்கி வளைந்தால் இரண்டு தணிப்புகளும் ஒன்றாக நடக்கின்றன என்று முதலில் சந்தேகிக்கலாம். இரண்டு நேர்கோட்டுக் காரணிகள் பெருகும்போது செறிவின் வர்க்கம் நுழைகிறது, வளைவு அதிலிருந்து வருகிறது. கீழ்நோக்கி வளைந்தால் ஒளிரும் மூலக்கூறுகளில் ஒரு பகுதி தணிப்பானுக்கு எட்டாத இடத்தில் ஒளிந்திருக்கலாம். புரதங்களில் இது உண்மையாகவே நடக்கிறது: வெளிப்பரப்பில் உள்ள டிரிப்டோஃபான் அணையும், உள்ளே மடிந்து கிடப்பது அணையாது.

ஆனால் கீழ்நோக்கிய வளைவுக்குச் சாதாரணக் காரணம் ஒன்றும் உண்டு. நம் எடுத்துக்காட்டில் வெற்றுக் கரைசலின் சிதறல் 20 அலகு என்றும், அதைக் கழிக்க மறந்துவிட்டோம் என்றும் வைத்துக்கொள்வோம். 800 இப்போது 820 ஆகும், 10 மில்லிமோலாரில் 320 என்பது 340 ஆகும். விகிதம் 2.50-க்குப் பதில் 2.41. அவ்வளவு சிறு வேறுபாடு கண்ணில் படாது. குளோரைடை 100 மில்லிமோலார் வரை கூட்டிப் பாருங்கள். உண்மையான ஒளி 50, கருவி காட்டுவது 70. விகிதம் 16 வர வேண்டிய இடத்தில் 11.7 வருகிறது. கோடு அழகாகக் கீழே வளைகிறது, எட்டாத மூலக்கூறுகள் இருப்பதாக அறிக்கை எழுதத் தூண்டுகிறது. கொயினா சிறு மூலக்கூறு. கரைசலில் அது ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. எனவே கொயினாவில் கீழ்நோக்கிய வளைவைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது வெற்றுக் கரைசலின் அளவை.

கோட்டின் தொடக்கமும் ஒரு சோதனைதான். செறிவு சுழியாக இருக்கும்போது விகிதம் 1. கணினியில் கோட்டைப் பொருத்தும்போது அதை வலுக்கட்டாயமாக 1-இல் கட்டிவைக்கக் கூடாது. F0 எல்லா விகிதங்களிலும் தொகுதியாக நிற்பதால் அந்த ஒரே அளவில் 5 விழுக்காடு பிழை இருந்தால் மற்ற எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக 5 விழுக்காடு நகரும். கோட்டைச் சுதந்திரமாக விட்டால் அது 1.05-இலோ 0.95-இலோ அச்சைத் தொட்டு அந்தப் பிழையைக் காட்டிவிடும்.

நேர்கோடு மறைக்கும் பிழைகள்

பினாங்கு போன்ற ஈரமான கடற்கரை ஊரில் இந்தச் சோதனைக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. இரண்டுமே கோட்டின் நேர்த்தியைக் கெடுக்காமல் விடையை மட்டும் கெடுப்பவை.

முதலாவது உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். திறந்து வைத்த உப்பில் நிறுத்த எடையில் 5 விழுக்காடு தண்ணீர் என்றால், எல்லாக் குடுவைகளிலும் குளோரைடு 5 விழுக்காடு குறைவாக இருக்கும். புள்ளிகள் அப்போதும் நேர்கோட்டிலேயே கிடக்கும், சரிவு மட்டும் 5 விழுக்காடு தவறும். உப்பை அடுப்பில் உலர்த்தி, உலர்கலனில் ஆறவிட்டு நிறுப்பதுதான் தீர்வு.

இரண்டாவது வெப்பநிலை. குளிரூட்டிய ஆய்வகம் 22 பாகையில் இருக்கும், வெளியிலிருந்து வரும் மாதிரி 31 பாகையில் இருக்கும். இந்த ஒன்பது பாகைக்குள் தண்ணீரின் பாகுத்தன்மை குறைவதால், கொயினாவின் ஆயுள் மாறாது என்று வைத்தாலே, மோதல்களின் வேகம் சுமார் கால்பங்கு கூடுகிறது. குளிர்ந்த நிலையில் கோட்டை வரைந்துவிட்டு, வெதுவெதுப்பான மாதிரியை அதில் வைத்துப் படித்தால் குளோரைடு கால்பங்கு அதிகமாகத் தெரியும். குளிர்ந்த கிண்ணத்தை ஈரக்காற்றில் எடுத்தால் அதன் சுவரில் பனிக்கும் நீர் ஒளியைச் சிதறடிக்கும் என்பது இன்னொரு தொல்லை. எல்லாக் குடுவைகளையும் ஒரே நீர்த்தொட்டியில் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும், அந்த வெப்பநிலையை அறிக்கையில் எழுத வேண்டும்.

இவற்றைக் கவனித்தால் கோடு ஓர் அளவுகோலாகிவிடும். ஜார்ஜ் டவுனின் கடலோரத்தில் எடுத்த நீரை வடிகட்டி, கொயினா உள்ள அமிலத்தோடு நூறு மடங்கு நீர்த்து அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒளி 800-இலிருந்து 465-க்கு இறங்கினால் விகிதம் 1.72. ஒன்றைக் கழித்து 150-ஆல் வகுத்தால் 4.8 மில்லிமோலார். நூறால் பெருக்கினால் கடல்நீரில் 0.48 மோலார் குளோரைடு. திறந்த பெருங்கடலில் ஒரு கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள நீரில் குளோரைடு சுமார் 0.55 மோலார். ஆற்று நீரும் மழையும் கலக்கும் நீரிணையில் எண் அதைவிடக் குறைந்து நிற்பது பொருந்துகிறது. கடல்நீரில் புரோமைடும் உண்டு, அதுவும் கொயினாவைத் தணிக்கும். ஆனால் அது குளோரைடில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் என்பதால் இந்தக் கணக்கைக் கலைக்காது.

இதே கணக்கு உயிரணுக்குள்ளும் போயிருக்கிறது. கொயினாவின் உடலமைப்பைத் தழுவிச் செய்த எஸ்.பி.க்யூ. என்ற சாயம், உயிரணுவுக்குள் குளோரைடு ஏறி இறங்குவதை அளக்க 1980-களிலிருந்து பயன்படுகிறது. தண்ணீரில் அதன் சரிவு ஒரு மோலாருக்கு சுமார் 118. உயிரணுவுக்குள் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உள்ளே பாகுத்தன்மை கூடுதல், குளோரைடு அல்லாத வேறு எதிரயனிகளும் புரதங்களும் சாயத்தைத் தணித்து அதன் ஆயுளைக் குறைத்துவிடுகின்றன. எனவே குடுவையில் வரைந்த கோட்டை உயிரணுவுக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது. உயிரணுவுக்குள்ளேயே குளோரைடின் அளவைக் கட்டுப்படுத்தி, கோட்டைப் புதிதாக வரைய வேண்டும்.

ஆகவே ஓர் அறிக்கையின் முடிவுப் பத்தி இப்படி இருந்தால் தாங்கும்: 0 முதல் 10 மில்லிமோலார் வரை, குறிப்பிட்ட வெப்பநிலையில், வெற்றுக் கரைசலைக் கழித்தபின், விகிதம் நேர்கோட்டில் ஏறியது, கோடு 1-இல் அச்சைத் தொட்டது, சரிவு ஒரு மோலாருக்கு 150. ஆயுள் 20 நானோவினாடி என்ற மதிப்பைக் கொண்டு வந்த kq, மோதலின் உச்சவரம்பை ஒட்டி நிற்கிறது. வெப்பநிலை கூடியபோது சரிவு கூடியது. “ஆகவே இது மோதல் தணிப்பு” என்று எழுத உரிமை தருபவை கடைசி இரண்டு வாக்கியங்களே. அவற்றை அளக்கவில்லை என்றால் பத்தியைச் சரிவின் மதிப்போடு நிறுத்திவிடுவதுதான் முறை.